153ஆ, 159ஆ: ஒரு ஜெல் படமும் ஐந்து பிக்சலும்

இறைச்சி எந்த விலங்கினுடையது என்று டி.என்.ஏ. வைத்துக் கண்டுபிடிக்கும் ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து மென்பொருள் வேலைக்குப் போனவன். ஆனால் இந்தக் கட்டுரைகளில் முக்கால்வாசி ஆதாரம் ஒரு புகைப்படம்தான். புகைப்படத்தில் இருந்து எண்ணை எடுப்பது எனக்குப் பழக்கமான வேலை. அந்தப் படங்களின் மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

புகாரைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: படத்துக்குக் கீழே "159, 126, 74" என்று ஒற்றை எண் துல்லியத்தில் அளவுகளைப் போடுகிறார்கள். ஆனால் அந்த எண்கள் படத்தில் இருந்து அளந்து எடுத்தவை இல்லை. அந்த விலங்கின் மரபணு வரிசை ஏற்கனவே தெரியும், நொதி எந்த இடத்தில் வெட்டும் என்றும் தெரியும். அதனால் எந்த நீளத்தில் துண்டு வர வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிவிடுகிறார்கள். படத்தை அளந்து, "எங்களுக்கு 157 வந்தது, எதிர்பார்த்தது 159" என்று எழுதியவர்கள் என் வாசிப்பில் ரொம்பக் குறைவு. வாசிக்கிறவன் அந்த 159-ஐ அளவீடு என்று எடுத்துக்கொள்கிறான். உண்மையில் அது எதிர்பார்ப்பு.

இதில் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். பெரும்பாலான நேரம் ஒன்றும் குறையாது. ஆனால் ஒரு இடத்தில் நிறையவே குறைகிறது. செம்மறியா பன்றியா என்ற கேள்வியில்.

முதலில் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இறைச்சித் துண்டில் இருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம்-பி என்று ஒரு மரபணு உண்டு. அதில் ஒரு பகுதியைப் பி.சி.ஆர். மூலம் பெருக்குகிறார்கள். ஆடு, மாடு, பன்றி எதுவாக இருந்தாலும் ஒரே ஜோடி ப்ரைமர் வேலை செய்யும், எல்லாவற்றுக்கும் 359 எழுத்து நீளத் துண்டுதான் வரும். நீளம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் எழுத்து வரிசைதான் விலங்குக்கு விலங்கு கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்க ஒரு வெட்டு நொதியைப் போடுகிறார்கள். ஹேத்ரீ என்ற நொதி GGCC என்ற நான்கு எழுத்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும். எந்த இடத்தில் GGCC இருக்கிறது என்பதைப் பொறுத்துத் துண்டுகளின் நீளம் மாறும்.

இந்த முறைக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது 2000-ல் 'மீட் சயன்ஸ்' இதழில் வந்த பார்டிஸ் குழுவின் கட்டுரை. ஹேத்ரீ வெட்டினால் மாட்டுக்கு 285, 74 என்று இரண்டு துண்டு. வெள்ளாட்டுக்கு 230, 74, 55. செம்மறிக்கு 159, 126, 74. பன்றிக்கு 153, 132, 74.

இந்த எண்களைக் கொஞ்சம் நேரம் உற்றுப் பாருங்கள். எல்லாவற்றிலும் 74 இருக்கிறது. மிச்சம் எப்போதும் 285. மாட்டில் அந்த 285 வெட்டுப்படாமல் முழுசாக நிற்கிறது. வெள்ளாட்டில் 230-ம் 55-ம் ஆகிறது. செம்மறியில் 159-ம் 126-ம். பன்றியில் 153-ம் 132-ம். ஆக, கேள்வி முழுக்க அந்த 285 எப்படிப் பிரிகிறது என்பதுதான். இந்தக் கூட்டல் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ரொம்ப உதவும்.

மாட்டையும் வெள்ளாட்டையும் படத்தில் பிரிப்பது சுலபம். கண்ணாலேயே தெரியும். செம்மறிக்கும் பன்றிக்கும் உள்ள வித்தியாசம் ஆறு எழுத்து. மேல் பட்டை 159-க்குப் பதில் 153, கீழ்ப் பட்டை 126-க்குப் பதில் 132. அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் இது சும்மா ஆராய்ச்சிக் கேள்வி இல்லை. திண்டுக்கல்லில் பிரியாணி என்பது ஒரு ஊரின் பிழைப்பு. தாடிக்கொம்பில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் விட்டு வைப்பார்கள். வெள்ளாட்டு வால் குட்டையாக நிமிர்ந்து நிற்கும். "வாலைப் பாத்துக்கங்கண்ணே, வெள்ளாடுதான்" என்பார் கடைக்காரர். அந்த வால்தான் எங்களுக்குச் சான்றிதழ். ஒருவர் மட்டன் கடையில் பன்றி கலந்தது என்று ஒரு அறிக்கை வந்தால், அது தப்பான அறிக்கையாகவே இருந்தாலும், அவர் அந்த ஊரில் மறுபடி கடை போட முடியாது.

2018 நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஜோத்பூரில் இருந்து ரயிலில் வந்த இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி எழும்பூர் நிலையத்தில் பிடிபட்டது. நாய்க்கறி என்று செய்தி பரவியது. வால் நீளமாக இருந்ததும் சந்தேகத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனையில் ஆட்டிறைச்சிதான் என்று முடிவு வருவதற்குள் சில நாட்கள் ஓடிவிட்டன. அதற்குள் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பிரியாணியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். வாலைப் பார்த்து வந்த சந்தேகத்தை ஆய்வகம்தான் தீர்க்க முடிந்தது. அப்படியென்றால் ஆய்வகத்தின் படத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்பது வாலை வாசிப்பதைவிட உறுதியாக இருக்க வேண்டும் இல்லையா?

சரி, ஒரு படத்தை எடுத்து அளப்போம். ஆய்வக வேலை செய்யும் நண்பர் ஒருவர் பயிற்சிக்காக ஓட்டிய ஜெல்லின் படத்தை எனக்கு அனுப்பினார். எந்த லேனில் என்ன கறி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடர்த்தியான அகரோஸ் ஜெல். இடது ஓரத்தில் லேடர், அதாவது நீளம் தெரிந்த துண்டுகளின் ஏணி. நூறு நூறாக ஏறும் வகை. நடுவில் ஐந்தாவது லேனில் நான் பார்க்க வேண்டிய மாதிரி.

முதல் வேலை ஏணியில் எந்தப் படி எது என்று தெரிந்துகொள்வது. இங்கேயே பலர் வழுக்குகிறார்கள். கீழே இருந்து "100, 200, 300" என்று எண்ணிக்கொண்டு போவார்கள். 100 படி ரொம்ப மங்கலாக இருக்கும், சில நேரம் ஜெல்லை விட்டே வெளியே ஓடியிருக்கும். அப்போது 200-ஐ 100 என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே தப்பு. நூறு படி ஏணிகள் பலவற்றில் 500-ம் 1000-ம் வேண்டுமென்றே அடர்த்தியாகப் போடப்பட்டிருக்கும். பிரகாசமான அந்த 500-ஐப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே எண்ணி வருவதுதான் சரியான வழி. டப்பாவுடன் வரும் தாளில் எந்தப் படி அடர்த்தி என்று போட்டிருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு பட்டையும் கிணற்றில் இருந்து எத்தனை பிக்சல் தள்ளி இருக்கிறது என்று அளக்க வேண்டும். கண்ணால் கோடு போடக்கூடாது. `ImageJ` மென்பொருளில் லேனின் நடுவில் ஒரு செவ்வகம் போட்டு, நீளவாக்கில் வெளிச்சத்தின் வரைபடத்தை எடுத்தால் ஒவ்வொரு பட்டையும் ஒரு சின்ன மலையாக வரும். மலையின் உச்சிதான் பட்டையின் இடம். உச்சி தட்டையாக வெட்டினது மாதிரி இருந்தால் படம் அதிக வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பட்டையின் நடு எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்த நேரம் திறந்து எடுத்த வேறு படம் கேட்டு வாங்க வேண்டும்.

என் படத்தில் ஏணியின் இடங்கள் இப்படி வந்தன: 500 படி 394-வது பிக்சலில், 400 படி 424-ல், 300 படி 464-ல், 200 படி 520-ல், 100 படி 612-ல். சின்னத் துண்டு வேகமாக ஓடும், அதனால் தூரமாகப் போயிருக்கிறது. நூறு நூறாகத்தான் இறங்குகிறோம், ஆனால் இடைவெளி 30, 40, 56, 92 என்று விரிகிறது. ஏனென்றால் ஓடிய தூரம் நீளத்தின் மடக்கையோடுதான் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 150-ஐத் தேட 100-க்கும் 200-க்கும் சரி நடுவில் ஸ்கேல் வைத்தால் தப்பாகிவிடும். சரி நடுவில் இருப்பது 141.

இதைக் கணக்குப் போட நாலு வரி போதும்:

```python
import numpy as np
bp = np.array([100, 200, 300, 400, 500])
y  = np.array([612, 520, 464, 424, 394])
def size(px):
    return 10 ** np.interp(px, y[::-1], np.log10(bp[::-1]))
```

இதில் ஒரு எச்சரிக்கை. `np.interp` ஏணியின் எல்லைக்கு வெளியே போனால் பிழை எதுவும் காட்டாது, கடைசி எண்ணையே அமைதியாகத் திருப்பித் தரும். 74 எழுத்துத் துண்டு இந்த ஜெல்லில் 652 பக்கத்தில் இருக்கும். இந்தக் கோடு அதற்கு "100" என்று பதில் சொல்லும். 74-ஐ அளக்க வேண்டுமென்றால் அதற்குக் கீழேயும் படி உள்ள ஏணி வேண்டும். நூறு படி ஏணியை மட்டும் வைத்துக்கொண்டு படத்துக்குக் கீழே 74 என்று எழுதியிருந்தால், அது நிச்சயம் அளந்தது இல்லை.

இப்போது ஐந்தாவது லேன். இரண்டு பட்டைகள், 556-லும் 587-லும். மேலே ரொம்ப மங்கலாக இன்னொன்று 443-ல். கீழே இருக்க வேண்டிய 74 கண்ணுக்கே தெரியவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. ஒளிரும் சாயம் நீளத்துக்குத் தக்கபடிதான் ஒட்டும், சின்னத் துண்டு எப்போதும் மங்கல்தான்.

கணக்கில் போட்டால் 556-க்கு 152 வருகிறது. 587-க்கு 121.

152! பட்டியலைப் பாருங்கள். பன்றி 153. செம்மறி 159. மேல் பட்டையை மட்டும் பார்க்கிறவர் இங்கேயே பேனாவை எடுத்து "பன்றி" என்று எழுதிவிடுவார். ஒரு எழுத்து வித்தியாசம்தானே, பிரமாதமான பொருத்தம்.

ஆனால் கீழ்ப் பட்டை எதற்கும் பொருந்தவில்லை. 121. பன்றிக்கு 132 வேண்டும், செம்மறிக்கு 126 வேண்டும். இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரு பட்டை பொருந்தி ஒரு பட்டை பொருந்தவில்லை என்றால், பொருந்தியதை எடுத்துக்கொண்டு பொருந்தாததை "அளவீட்டுப் பிழை" என்று தள்ளுவது மனித இயல்பு. படத்துக்குக் கீழே எதிர்பார்த்த எண்ணை எழுதும் வழக்கம் இந்த இயல்புக்குத்தான் தீனி போடுகிறது. 121-ஐ அளந்து எழுதியிருந்தால் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். 132 என்று எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

இப்போது ஏணியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு லேனை மட்டும் பார்ப்போம். லேனுக்குள்ளேயே மூன்று சாட்சிகள் இருக்கிறார்கள்.

முதல் சாட்சி கூட்டல். இரண்டு பட்டையும் சேர்ந்தால் 285 வர வேண்டும், எந்த விலங்காக இருந்தாலும். நமக்கு வந்தது 152-ம் 121-ம், மொத்தம் 273. பன்னிரண்டு எழுத்தைக் காணோம். டி.என்.ஏ. காற்றில் கரையாது. இரண்டு பட்டையுமே நிஜ நீளத்தைவிடச் சின்னதாகத் தெரிகிறது, அதாவது இந்த லேன் முழுக்க ஏணியைவிட வேகமாக ஓடியிருக்கிறது.

இரண்டாவது சாட்சி அந்த மங்கல் பட்டை. நொதி எல்லாத் துண்டையும் வெட்டி முடிக்காவிட்டால் வெட்டுப்படாத 359 கொஞ்சம் மிஞ்சும். சுத்தமான வேலை என்று பார்த்தால் அது குறைதான். எனக்கு அது வரம். அதன் நீளம் சந்தேகமில்லாமல் தெரியும். ஏணிப்படி அது 439-ல் இருக்க வேண்டும், 443-ல் இருக்கிறது. கணக்கில் போட்டால் 349 என்று வருகிறது. நிஜம் 359. ஆக லேன் வேகமாக ஓடியதற்கு இது நேரடி ஆதாரம். ஏறக்குறைய ஒரு சதவீதம் அதிக தூரம்.

ஏன் வேகம்? மின்சாரம் ஓடும்போது ஜெல் சூடாகும், ஓரத்தைவிட நடுவில் சூடு அதிகம். சூடான இடத்தில் டி.என்.ஏ. வேகமாக ஓடும். ஒரே நீளப் பட்டைகள் லேன் லேனாக ஒரு வளைவில் நிற்கும். ஆய்வகங்களில் இதை 'ஸ்மைல்' என்பார்கள். ஜெல் சிரிக்கிறது! ஏணி ஓரத்தில், மாதிரி நடுவில் என்றால் ஏணியை வைத்து நடு லேனை அளப்பது, கோணலான வாசல்படியை வைத்துச் சுவரை அளப்பது மாதிரி. இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. வெட்டு நொதிக்கான கரைசலில் உப்பு இருக்கும், ஏணி வரும் கரைசலில் அவ்வளவு இருக்காது. உப்பு அதிகமான லேன் மெதுவாக ஓடும், பட்டைகளும் ஓரம் வளைந்து குறுகித் தெரியும். அதனால் ஏணியையும் அதே நொதிக் கரைசலில் கலந்து போடுவது நல்ல பழக்கம். இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஏணி போட்டால் இன்னும் நல்லது. ஒரு லேனை மிச்சம் பிடிக்க ஒரே ஏணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. பன்றியில் 153-ம் 132-ம் நெருங்கி இருக்கும், செம்மறியில் 159-ம் 126-ம் விலகி இருக்கும். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகிறது. தனித்தனியாக ஒரு பட்டையின் இடத்தை எடுத்தால், செம்மறிக்கும் பன்றிக்கும் இந்த ஜெல்லில் வித்தியாசம் ஐந்து அல்லது ஆறு பிக்சல். ஒவ்வொரு பட்டையும் பதிமூன்று பிக்சல் தடிமன். பட்டையின் பாதித் தடிமனில் தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இடைவெளியை எடுத்தால் செம்மறிக்கு 31 பிக்சல், பன்றிக்கு 20 பிக்சல். பதினொரு பிக்சல் வித்தியாசம். அதோடு, லேன் வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இரண்டு பட்டையும் சேர்ந்தே நகரும், ஒரு சதவீத வேகமாற்றத்தில் இடைவெளி அரைப் பிக்சல்கூட மாறாது.

ஐந்தாவது லேனில் இடைவெளி 587 கழித்தல் 556. 31 பிக்சல்.

மங்கல் பட்டையை வைத்து லேனை ஒரு சதவீதம் பின்னால் இழுத்தால் பட்டைகள் 551-க்கும் 582-க்கும் வருகின்றன. நீளம் 158-ம் 126-ம். கூட்டினால் 284. செம்மறி. நண்பரிடம் கேட்டேன், செம்மறிக்கறிதான் என்றார்.

ஆக, ஒரே படம். மேல் பட்டையை மட்டும் ஏணியில் வைத்துப் பார்த்தால் பன்றி. லேனின் உள்சாட்சிகளைக் கேட்டால் செம்மறி. இதற்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை, இன்னொரு சோதனையும் வேண்டியதில்லை. படத்தில் எல்லாம் இருக்கிறது, அளந்து எழுதினால் போதும். அதைத்தான் எழுத மாட்டேன் என்கிறார்கள்.

படத்தைப் பற்றி இன்னும் ஒரு புகார். அகரோஸ் ஜெல்லில் ஓட்டம் எங்கே போகிறது என்று தெரிய நீலச் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். அடர்த்தியான ஜெல்லில் அது நூறு, நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளின் பக்கத்தில்தான் ஓடும். புற ஊதா வெளிச்சத்தில் அது கருப்பு நிழலாக விழும். நாம் பார்க்க வேண்டிய 126, 132, 153, 159 எல்லாம் அந்த நிழலுக்கு அருகில். நிழலின் ஓரத்தில் விழுந்த பட்டையின் ஒரு பக்கம் மங்கும், உச்சி மறு பக்கம் தள்ளிப்போகும். இரண்டு மூன்று பிக்சல் இப்படியே போய்விடும். வேறு வேகத்தில் ஓடும் சாயம் போட்டால் பிரச்சினை முடிந்தது. அச்சான படங்களில் ஏணியின் கீழ்ப் படிகளுக்குக் குறுக்கே ஒரு சாம்பல் பட்டி ஓடினால் இந்தச் சந்தேகம் எனக்கு வரும்.

கைபேசியில் சாய்வாக எடுத்த படம், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய படம், இவற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கிணறுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில், கிடைமட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் படத்தைத் திருத்தாமல் அளக்காதீர்கள். கிணறுகளையே வெட்டிவிட்டு, பட்டைகள் உள்ள பகுதியை மட்டும் அச்சிட்ட படம் என்றால் அளப்பதற்கு ஆரம்பப் புள்ளியே இல்லை. அழகுக்காக வெட்டுகிறார்கள்.

இனி கட்டுரைகளின் சார்பிலும் கொஞ்சம் பேச வேண்டும். அவர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: "நாங்கள் எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்வதில்லை. தெரிந்த செம்மறிக்கறி ஒரு லேன், தெரிந்த பன்றிக்கறி ஒரு லேன், நடுவில் சந்தேக மாதிரி. எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கிறோம்." இது நியாயமான பதில். சொல்லப்போனால் இதுதான் சிறந்த வழி. பக்கத்துப் பக்கத்து லேன் என்பதால் சூட்டு வித்தியாசம் குறைவு, ஒரே நொதிக் கரைசல் என்பதால் உப்பு வித்தியாசம் இல்லை. அப்படிச் செய்தால் ஏணி வெறும் துணைதான். ஆனால் அப்படியென்றால் தெரிந்த மாதிரிகள் பக்கத்து லேனில் இருக்க வேண்டும். பன்றி முதல் லேனிலும் சந்தேக மாதிரி பத்தாவது லேனிலும் இருக்கும் படத்தை, அல்லது இரண்டு ஜெல்லை வெட்டி ஒட்டிய படத்தை வைத்துக்கொண்டு இந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

இன்னொன்று நொதித் தேர்வு. கேள்வி "பன்றி இருக்கிறதா" என்பதாக இருந்தால் ஹேத்ரீயை மட்டும் நம்புவதே தப்பான வடிவமைப்பு என்பது என் கருத்து. இதே 359-ஐ ஆலுஒன் என்ற நொதி வெட்டினால் பன்றிக்கு 244, 115 என்று வரும். இந்த ஜெல்லில் அவற்றுக்கு நடுவே நூறு பிக்சல் இருக்கும். அளவுகோலே வேண்டாம், கண்ணாடி போடாதவருக்கும் தெரியும். இரண்டு நொதியின் வெட்டும் ஒரே விலங்கைச் சொன்னால் அது உறுதி. மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது ரொம்ப இயல்பான யோசனை: விளிம்பில் நிற்கும் ஒரே சோதனையை நுணுக்கி நுணுக்கித் திருத்துவதைவிட, விளிம்பில் நிற்காத இரண்டாவது சோதனையைச் சேர்த்துவிடு.

பட்டியலில் இல்லாத விலங்கைப் பற்றியும் ஜாக்கிரதை வேண்டும். 285 இன்னொரு விலங்கிலும் 159-ம் 126-ம் ஆகப் பிரியலாம், GGCC என்பது நாலே எழுத்துதான். "செம்மறியோடு ஒத்துப்போகிறது" என்று சொல்லலாம். "செம்மறிதான், வேறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை" என்று இந்தப் படம் ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது. நம்ம மொழியில் வேறு, 'ஆடு' என்றால் வெள்ளாடும் அதுதான், செம்மறியும் அதுதான். "ஆட்டிறைச்சி என்று உறுதியானது" என்ற செய்தி வந்தால், வெள்ளாட்டு விலை கொடுத்தவருக்கு அதில் பாதி பதில்தான் இருக்கிறது. வெள்ளாட்டின் 230-ஐயும் செம்மறியின் 159-ஐயும் பிரிக்க இந்த ஜெல் சிரமமே படாது. கேட்டால் சொல்லும், யாரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒரு நிலைமை. அங்கே நான் சொன்ன உள்சாட்சிகளும் கைவிட்டுவிடும். செம்மறியில் கொஞ்சம் பன்றி கலந்திருந்தால் லேனில் நாலு பட்டை வர வேண்டும்: 159, 153, 132, 126. பட்டையின் தடிமன் பதிமூன்று பிக்சல், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஐந்தாறு பிக்சல். நாலும் தனித்தனியாகத் தெரியாது. இரண்டு கொழுத்த பட்டைகளாகத் தெரியும். இடைவெளி 31-க்கும் 20-க்கும் நடுவில் எங்கோ நிற்கும், கூட்டல் 285 சரியாகவே வரும். மலையின் வரைபடத்தில் உள்பக்கச் சரிவு மட்டும் வெளிப்பக்கச் சரிவைவிடச் சாய்வாக இருக்கும். கலப்பு பத்து சதவீதம் என்றால் அந்தச் சாய்வும் இரைச்சலில் மறைந்துவிடும். அந்த மாதிரிக்குப் பன்றியின் டி.என்.ஏ.வை மட்டும் பிடிக்கும் ப்ரைமர் வைத்துத் தனி பி.சி.ஆர். ஓட்ட வேண்டும், பட்டை வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. பட்டை வராத ஜெல்லில், ப்ரைமர் வேலை செய்தது என்று காட்ட ஒரு தெரிந்த பன்றி மாதிரியும் அதே படத்தில் பட்டையோடு தெரிய வேண்டும்.